பன்னிரண்டாம் கேள்வி

பியாட்ரிஸ் டீச்சரின் வலது கையில் மூன்று விரல்கள் எப்போதும் ஊதா நிறமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் அவர் விரலை விடும்போது, "தண்ணி ஊதாவாயிடப் போவுது" என்று பின்னால் நிற்கிற பெண்கள் கேலி செய்வார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டும் திரும்ப மாட்டார். நெற்றியில், நெஞ்சில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்காருவார்.

அந்த ஊதா ஜெல்லிப் பலகையால் வந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சித் தகரத் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் வழவழப்பாக உறைந்து நிற்கும். ஒரு கெட்டித் தாளில் ஊதா மையால் பாடத்தை எழுதி, எழுதிய பக்கத்தை அந்த ஜெல்லியின் மேல் கவிழ்த்துச் சில நிமிஷம் வைத்து எடுத்தால் மை ஜெல்லியில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துத் தடவி எடுக்க வேண்டியதுதான். முதல் தாள் பளிச்சென்று வரும். பத்தாவது பரவாயில்லை. முப்பதைத் தாண்டினால் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தாளைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெயில் காலமாக இருந்தால் ஜெல்லியே இளகிக் கோடுகளை விழுங்கத் தொடங்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில், லஸ் முனையில் டிராம் விட்டிறங்கி ஐந்து நிமிஷம் நடக்கிற தூரத்தில், ஒரு கமிட்டி நடத்திய பெண் பள்ளிக்கூடம். நான் சொல்வது முப்பத்து மூன்றாம் வருஷத்துக் கதை. நான் அங்கே தையல் டீச்சர். பெயர் ஐரின். வயது இருபத்தாறு. வேலை தற்காலிகம். தற்காலிகம் என்ற அந்த ஒரு வார்த்தை என்னை எப்படியெல்லாம் ஆட்டிவைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பியாட்ரிஸ் அக்காவின் பெருமையைச் சொல்வதாக நினைத்து ஆரம்பித்தேன், ஆனால் என் சிறுமையைச் சொல்லாமல் அந்தப் பெருமையைச் சொல்ல முடியவில்லை.

அக்கா கணக்கு டீச்சர். அப்பா ராஜநாயகம் துறைமுகத்தில் வரைபடம், அதாவது நக்‌ஷா வரைகிறவர். ஸ்கேலும் கவராயமும் அவர் வீட்டில் கரண்டி மாதிரி கிடக்கும் என்பார்கள். நாற்பது வயதாகியும் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் கெடைக்கல" என்று ஒரே பதிலைச் சொல்லுவார். கேட்டவர்கள் அடுத்த கேள்விக்கு வாய் திறக்க முடியாதபடி ஒரு பார்வையும் சேர்ந்து வரும்.

அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஜியாமெட்ரி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. கேட்டவர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. பிள்ளைகள் தேற்றத்தை நெட்டுருப் போட்டு, கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவிட்டு, படத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் திருதிருவென்று விழித்தார்கள். அதை முதலில் கண்டு கோபப்பட்டவர் அக்காதான். "மனப்பாடம் பண்றதுக்கு இது ஜெபமாலையா?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தானே பயிற்சித் தாள் எழுத ஆரம்பித்தார். அதனால்தான் விரல் ஊதாவானது.

மூன்றாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய எட்டாம் வகுப்புக்கு, அவர் அந்த வருஷம் எழுதிய தாள் இணைகோடுகளைப் பற்றியது. சமாந்தர ரேகை என்றுதான் அப்போது பலரும் சொன்னோம், அக்கா மட்டும் இணைகோடு என்பார். இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் எட்டுக் கோணங்கள் வரும். அந்த எட்டையும் வைத்து அவர் பன்னிரண்டு கேள்விகள் எழுதினார், நாலு படியாக, படிக்கு மூன்று. முதல் படியில் எண்ணே கிடையாது. எது எதற்கு ஒத்த கோணம், எது ஒன்றுவிட்ட கோணம் என்று பெயர் சொன்னால் போதும். கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளையும் ஏறிவிடலாம். இரண்டாம் படியில் ஒரு கோணம் நூற்றுப் பதினெட்டு டிகிரி என்று கொடுத்து மற்ற ஏழையும் கண்டுபிடிக்கச் சொல்லுவார். எல்லாமே நூற்றுப் பதினெட்டாகவோ அறுபத்திரண்டாகவோதான் வரும் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு சிரிப்பு வரும், பார்க்க வேண்டும். மூன்றாம் படியில் சைதாப்பேட்டை ரயில்வே கேட் வரும், தண்டவாளத்தை ரோடு சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே முழங்கை மாதிரி மடங்கிய ஒரு கோடு வரும். அதற்கு விடை வேண்டுமென்றால் பிள்ளை தானாக மடங்கிய இடத்தில் மூன்றாவதாக ஓர் இணைகோடு போட வேண்டும். யாரும் போடச் சொல்ல மாட்டார்கள்.

நாலாம் படியில்தான் வம்பு. அதுவரைக்கும் ஒவ்வொரு கேள்வியிலும் 'இவை இணைகோடுகள்' என்று எழுதியிருக்கும். நாலாம் படியில் அந்த வாசகம் இருக்காது. கோணங்கள் மட்டும் இருக்கும், இரண்டு கோடும் இணையா என்று கேட்டிருக்கும். பத்தாவதில் குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்கள் எழுபத்தைந்தும் நூற்றைந்தும், கூட்டினால் நூற்றெண்பது, ஆக இணை. பதினொன்றாவதில் ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டும் நாற்பத்தெட்டு, அதுவும் இணை. பன்னிரண்டாவதில், மேல்கோட்டின் மேற்புறம் வலப்பக்கம் அறுபத்து நாலு. கீழ்க்கோட்டின் மேற்புறம் வலப்பக்கம் அறுபத்திரண்டு. படத்தை அக்கா அளந்து அந்தக் கணக்குக்கே வரைந்திருந்தார். பார்த்தால் இணை மாதிரியே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பயிற்சித் தாளோ பரீட்சைத் தாளோ எதுவும் கமிட்டி செகரட்டரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போகும். செகரட்டரி கஸ்தூரிரங்கன் வக்கீல். மாம்பலத்தில் புதிதாக மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோனவர். கெட்டவர் இல்லை. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நல்லவர். அப்படிப்பட்டவர்களோடு மாரடிப்பது கெட்டவர்களோடு மாரடிப்பதைவிடக் கஷ்டம்.

தாள் அவரிடம் போய்த் திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அறுபத்திரண்டை அடித்து அறுபத்து நாலு என்று எழுதியிருந்தார். பக்கத்தில் 'ஒத்த கோணங்கள் சமம். பிழை' என்று குறிப்பு. மறுநாள் அவரே வந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் கூப்பிட்டார்கள். ஏனென்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

"ஆத்துல உக்காந்து பொறுமையாத்தான் பாத்தேன்" என்றார் செகரட்டரி. "நம்ம டீச்சரே தப்பாப் போட்டா கொழந்தைகள் என்ன பண்ணும், சொல்லுங்கோ. நான் குத்தம் சொல்லலை. ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ, பிழைக்கு வருந்துகிறேன்னு. அதோட இன்னொண்ணு. அடுத்த வருஷத்துலேர்ந்து மூணாம் பாரத்துக்கு ஜியாமெட்ரி வேண்டாம்னு கமிட்டியில பேச்சு. அந்தப் பீரியடெல்லாம் தையலுக்குப் போகட்டும்னு நெனைக்கறோம். ஐரின் டீச்சரும் பாவம், தற்காலிகமாவே இருந்துண்டிருக்கா. பீரியட் கூடினா நிரந்தரம் பண்ணிடலாம்."

என் மனம் குதித்தது. மறைப்பானேன், நன்றாகவே குதித்தது. வாரத்துக்கு நாலு பீரியட் கூடும், வேலை நிலைக்கும், யார் முகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிழை இல்ல சார்" என்றார் அக்கா.

"ஒத்த கோணம் சமமா இருக்கணுமோல்லியோ?"

"கோடு இணையா இருந்தா சமமா இருக்கும்."

"படத்தப் பாருங்கோ. இணையாத்தானே இருக்கு. மேல தலைப்பே இணைகோடுகள்னுதானே போட்டிருக்கேள்."

"படத்தப் பாக்கச் சொல்லி நான் கேக்கல. கோணத்தப் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

செகரட்டரி கொஞ்சம் சிரித்தார். "ரெண்டு டிகிரி. என்ன பெரிய பிரமாதம்."

"உங்க மாம்பலம் வீட்டுச் சுவர் அறுபதடி நீளம் இருக்குமா சார்? அது ரெண்டு டிகிரி திரும்பிப் போச்சுன்னா கடைசியில ரெண்டடி நெலம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. நீங்க பிரமாதம் இல்லன்னு விட்டுடுவீங்களா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் இருமினார். செகரட்டரியின் முகம் சிவந்தது. அப்போதே அக்கா கோணங்களை எழுதிக் காட்டி விளக்கியிருந்தால் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும். அவர் விளக்கவில்லை. விளக்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார்.

"நான் சொன்னா டீச்சர் தன் தப்ப மூடி மறைக்கறான்னு சொல்லுவீங்க. பொண்ணுங்க எழுதட்டும். தாள் அப்படியே போகட்டும், ஒரு புள்ளி மாத்தாம. முப்பத்தொரு பேர் இருக்காங்க. பதினாறு பேர் பன்னிரண்டாம் கேள்விய சரியா எழுதினா ஜியாமெட்ரி இருக்கும். ஒருத்தர் கொறஞ்சாலும் நீங்க சொன்ன வரிய நான் எழுதிக் குடுக்கறேன். ஜியாமெட்ரியும் போகட்டும். என்னையும் அனுப்பிடலாம்."

"நீங்க கிளாஸ்ல இருக்கப்படாது" என்றார் செகரட்டரி.

"இருக்க மாட்டேன். ஐரின் பாத்துக்கட்டும். அவளுக்குத்தானே பீரியட் போகப் போகுது. அவ எனக்குச் சாதகமா எதுவும் செய்ய மாட்டா."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. என்னைத் திட்டுகிறாரா, நம்புகிறாரா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் கண் முன்னால் தாளெடுத்தார்கள். ஏப்ரல் மாதம். பியூன் மெஹபூப் அலி ஜெல்லித் தட்டை ஈரச் சாக்கின் மேல் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, இப்பவே கொழகொழன்னு கீது. சீக்கிரம் எடுங்கோ" என்று அவசரப்படுத்தினார். பிள்ளைகளுக்கு முப்பத்தொன்று, செகரட்டரிக்கு ஒன்று, ஆக முப்பத்திரண்டு தாள். முதல் தாளைச் செகரட்டரிக்கென்று எடுத்து வைத்தார்கள். பளபளவென்று அச்சடித்த மாதிரி இருந்தது. கடைசித் தாள் வரும்போது ஜெல்லி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் ஒரு தாள்கூட எடுக்க முடியாது என்று மெஹபூப் அலி தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். அக்கா விடைத்தாளை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த ஆசிரியைகள் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் தையல் அறையில்தான் பரீட்சை. முதல் பெஞ்சிலிருந்து தாளைக் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஷகீலா. மீர்சாகிப்பேட்டையில் புத்தகம் பைண்டு பண்ணுகிற கலீமுல்லாவின் மகள். அவளிடம் போனபோது கையில் கடைசித் தாள்தான் இருந்தது. கொடுக்கும் முன் பார்த்தேன். பன்னிரண்டாம் கேள்வியில் அறுபத்திரண்டின் ஆறு கீழே இடப்பக்கம் அழிந்து ஐந்து மாதிரி நின்றது. பார்த்தேன், தெரிந்தது, கொடுத்துவிட்டேன்.

முக்கால் மணி கழித்து ஷகீலா கை தூக்கினாள். பக்கத்தில் போனேன்.

"டீச்சர், இது அம்பத்திரண்டா, அறுபத்திரண்டா?"

அறுபத்திரண்டு என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். மற்ற தாள்களில் எல்லாருக்கும் தெளிவாக இருந்ததைச் சொல்வதில் எந்தச் சாதகமும் இல்லை. சொல்வதுதான் நியாயம். என் வாயில் வந்தது வேறு.

"இருக்கறதப் பாத்து எழுது."

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து ஒரு பாவாடைக் கரையை மடித்துத் தைக்க ஆரம்பித்தேன். நாலு அங்குலம் தைத்துவிட்டுப் பார்த்தால் கரை கோணிக்கொண்டு போயிருந்தது. பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி கோணியது.

மாலை நாலு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் தாள்களை அடுக்கினார்கள். உறையைப் பிரித்து விடையைச் செகரட்டரியே படித்தார். மேல்கோட்டின் மேலே வலப்பக்கம் அறுபத்து நாலு என்றால் அதே கோட்டின் கீழே வலப்பக்கம் நூற்றுப் பதினாறு. அதோடு கீழ்க்கோட்டின் அறுபத்திரண்டைக் கூட்டினால் நூற்றெழுபத்தெட்டு. இரண்டு செங்கோணத்துக்குக் குறைவு. ஆகவே இணையல்ல. வலப்பக்கமாக நீட்டினால் சந்திக்கும். அவர் படித்து முடித்தார். தாளைக் கீழே வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்துப் படித்தார். வக்கீல் அல்லவா, புரியாமல் இருக்குமா. புரிந்தது. புரிந்ததைச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு எண்ண ஆரம்பித்தார். பதினோரு பேர் செகரட்டரி எழுதிய மாதிரியே எழுதியிருந்தார்கள். அறுபத்திரண்டு பிழை, அறுபத்து நாலு என்று இருக்க வேண்டும், கோடுகள் இணை. பத்தாவதும் பதினொன்றாவதும் இணையாக வந்ததால் பன்னிரண்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று வழுக்கிவிட்டார்கள். அக்கா வேண்டுமென்றே வைத்த வழுக்கல் அது. நாலு பேர் ஒன்றுமே எழுதவில்லை. பதினைந்து பேர் சரி. கடைசியாக ஷகீலாவின் தாள்.

"நூற்றுப் பதினாறும் அம்பத்திரண்டும் நூற்று அறுபத்தெட்டு" என்று படித்தார் செகரட்டரி. "விடையில நூத்தி எழுபத்தெட்டு. இது தப்பு. பதினஞ்சுதான் ஆச்சு, டீச்சரம்மா."

அக்காவைக் கூப்பிட்டார்கள். வந்தார். ஷகீலாவின் தாளை வாங்கி ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தத் தாள்ல அம்பத்திரண்டுன்னுதான் இருக்கு. அவ தாள்ல இருக்கற எண்ணுக்கு அவ வெடை சரி."

"எல்லாருக்கும் அறுபத்திரண்டு. இவளுக்கு மாத்திரம் அம்பத்திரண்டுன்னா? பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே கேள்வி."

"கோர்ட்டுல நீங்க பத்திரத்துல இருக்கறத வெச்சு வாதாடுவீங்களா, பக்கத்து ஊர் பத்திரத்துல என்ன இருக்குன்னு வாதாடுவீங்களா?"

"அழிஞ்சிருந்தா கேட்டிருக்கலாமே. கேக்காதது அவ தப்பு."

அக்கா தாளை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பரீட்சை நடந்தபோது அவர் என் அறையில் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நாலு சுவருக்குள் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சும்மா நின்றால் போதும். ஒரு வார்த்தையும் பொய் சொல்ல வேண்டாம். வாரத்துக்கு நாலு பீரியட். நிரந்தரம்.

அக்கா மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். எழுதிக் கொடுக்கத்தான் எடுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். முகத்தில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. தலை நிமிர்ந்துதான் இருந்தது. அந்த ஊதா விரல்கள் பேனாவைப் பிடிப்பதைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கேட்டா சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஷகீலா என்கிட்ட கேட்டா. அம்பத்திரண்டா அறுபத்திரண்டான்னு. நான் இருக்கறதப் பாத்து எழுதுன்னு சொன்னேன். அழிஞ்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"ஏம்மா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"பீரியட் வேணும்னு."

செகரட்டரி ஷகீலாவின் தாளை எடுத்துக் கீழே எழுதியிருந்ததையும் படித்தார். அதுவரை யாரும் அதைப் படிக்கவில்லை. 'படத்தைப் பார்த்தால் இணை போல இருக்கிறது. படத்தை நம்பக் கூடாது. கொடுத்த கோணத்தின்படி இணையல்ல.' அக்கா ஆறு மாதமாகப் பலகையில் அடித்து அடித்துச் சொன்ன வாக்கியம் அது. கண்ணெதிரே படம் ஒன்று சொல்ல, டீச்சராக நின்ற நான் எண்ணைச் சொல்லாமல் விட, அந்தப் பிள்ளை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தாள்.

"பதினாறு" என்றார் செகரட்டரி. சிவப்புப் பேனாவால் எண்ணை எழுதிச் சுழித்தார். தோற்றாலும் வக்கீல் வக்கீல்தானே. எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டார். "ஜியாமெட்ரி இருக்கட்டும். ஆனா கொழந்தைகளக் கொழப்பற கேள்வி கூடாது. இனிமே இந்தத் தாள்ல பன்னிரண்டாம் கேள்வி இருக்கப்படாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்" என்றார் அக்கா. அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து இரண்டு பேரும் கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோமுக்கு நடந்தோம். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை. பாதி வழியில், "அந்தக் கடைசித் தாள ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில போட்டுட்டு, செகரட்டரி தாள அந்தப் பொண்ணுக்குக் குடுத்திருக்கணும்" என்றார்.

"குடுத்திருக்கணும்க்கா."

"அடுத்த தடவை குடு."

அவ்வளவுதான். நான் ரோட்டிலேயே அழுதேன். அவர் நிற்காமல் நடந்தார், ஆனால் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு பிடிவாதம். செகரட்டரி விட்டுவிட்டுப் போன தாளை மேஜையின் இடது ஓரத்தில் ஒட்டி, பன்னிரண்டாம் கேள்வியின் படத்தின் மேல் இரண்டு நூல்களை இழுத்து, கோட்டோடு கோடாக வலப்பக்கம் நீட்டினேன். படத்தில் குறுக்குவெட்டி வெட்டுகிற இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம். நூல்கள் மெல்ல நெருங்கி, நெருங்கி, ஒரு கஜத்துக்குச் சற்று அப்பால், முப்பத்தெட்டு அங்குலம் தாண்டும்போது ஒன்றையொன்று தொட்டன. அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தையல்காரிக்குக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அக்காவிடம் சொன்னேன். நூலால் நிரூபிப்பதெல்லாம் நிரூபணமே இல்லை என்று ஒரு பிடி பிடித்தார். "கோணத்தச் சொன்ன அப்புறம் நூல் எதுக்குடி? நூல் தொய்யும், மேஜை ஆடும், உன் கண்ணு ஏமாத்தும்." பிறகு நாலு படி இறங்கி நின்றார். "சந்திச்சுதுல்ல?"

"சந்திச்சுதுக்கா."

"சந்திக்காம எங்க போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நிரந்தரம் ஆக இன்னும் நாலு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு வருஷமும் காகிதம் செகரட்டரி மேஜைக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு வருஷத்தில் ஒரு பாவாடைக் கரைகூட என் கையில் கோணவில்லை.

மறுவருஷம் ஏப்ரலில் அக்கா தாளை எழுதி முடித்து என்னிடம் காட்டினார். விரல் வழக்கம்போல ஊதா. நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். பதினோரு கேள்விகளோடு தாள் முடிந்திருந்தது. பன்னிரண்டு என்ற எண்ணே இல்லை. இவரா வளைந்து கொடுத்தார் என்று தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"முதல் பக்கத்தப் பாரு" என்றார்.

பார்த்தேன். கேள்வி ஒன்று: மேலே அறுபத்து நாலு, கீழே அறுபத்திரண்டு, இரண்டு கோடுகளும் இணையா, காரணம் கூறு. பார்த்தால் இணை மாதிரியே இருக்கும் அதே படம்.

"பன்னிரண்டாம் கேள்வி இருக்கக் கூடாதுன்னாரு. இல்ல" என்றார் அக்கா. "மொதல் படியிலயே படத்த நம்பாதீங்கன்னு சொல்லிட்டா அப்புறம் வழுக்க மாட்டாங்க. போன வருஷம் நான் பண்ண தப்பு, அதக் கடைசியில வெச்சது."

அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தாள் மாம்பலத்துக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. சிவப்பு மை எங்கும் இல்லை, கீழே கஸ்தூரிரங்கன் என்று கையெழுத்து மட்டும் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஜெல்லித் தட்டை எடுக்கப் போனார். நான் முதல் தாளைக் கடைசி பெஞ்சுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன்.